ஒரே ஒரு புராஜெக்ட்தான் செய்திருக்கிறீர்கள்: பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு எழுத முழுமையான வழிகாட்டி

இளநிலைப் பொறியியல் முடித்து வெளிநாட்டில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறீர்கள். ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் இல்லை. ஒரு பேராசிரியரின் கீழ் இறுதியாண்டு புராஜெக்ட் செய்தீர்கள், வைவா முடிந்தது, அவ்வளவுதான். அந்தப் பேராசிரியருக்கு என்ன எழுதுவது, எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பதுதான் இங்கே.

ஒரு விஷயத்தை முதலிலேயே புரிந்துகொள்ளுங்கள். ஒரு கைடு ஆண்டுதோறும் மூன்று நான்கு குழுக்களைப் பார்க்கிறார். ஏப்ரலில் வைவா முடிந்து அக்டோபரில் நீங்கள் போய் நிற்கும்போது, உங்கள் முகம் நினைவிருக்கும். குழுவில் எந்த வேலையை நீங்கள் செய்தீர்கள் என்பது நினைவிருக்காது. “சார், எல்.ஓ.ஆர். வேணும்” என்று மட்டும் கேட்டால், “கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், நல்லொழுக்கம் உடையவர்” என்று அவரும் எழுதிக் கொடுப்பார். யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் அந்தக் கடிதத்தால் உங்களுக்குப் பயன் இல்லை. அவர் எழுதப்போகும் கடிதத்துக்கான சரக்கு நீங்கள் எழுதும் கடிதத்திலிருந்துதான் போக வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளும் இதை வைத்தே அமைந்தவை.

## 1. கேட்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பல்கலைக்கழகப் பட்டியல். “இன்னும் முடிவு பண்ணல சார், ஏழெட்டு இருக்கும்” என்று சொன்னால் அவரால் வேலையின் அளவைக் கணிக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் படிப்பின் சரியான பெயர், கடைசித் தேதி, கடிதம் எப்படிப் போக வேண்டும் ஆகிய மூன்றையும் எழுதிவையுங்கள்.

கடிதம் போகும் வழி இரண்டு வகை. அமெரிக்காவில் பெரும்பாலும் விண்ணப்பத் தளமே பேராசிரியருக்கு ஓர் இணைப்பை அனுப்பும். அவர் நேரடியாகப் பதிவேற்றுவார். வேறு சில இடங்களில், கல்லூரி லெட்டர்ஹெட்டில் கையெழுத்தும் முத்திரையும் இட்ட கடிதத்தை ஸ்கேன் செய்து நீங்களே ஏற்ற வேண்டும். இரண்டாவது வகை என்றால் லெட்டர்ஹெட்டும் அலுவலக முத்திரையும் தேவை என்பதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சில கல்லூரிகளில் லெட்டர்ஹெட் வாங்கவே துறைத்தலைவரின் அனுமதி வேண்டியிருக்கும், அதற்கு நாளாகும்.

தேதியைக் குறிக்கும்போது நேர வித்தியாசத்தையும் பாருங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி டிசம்பர் 15 இரவு 11:59 என்பது நமக்கு 16ஆம் தேதி காலை 10:29. இந்தக் கணக்கு உங்களுக்குத்தான். பேராசிரியரிடம் அதைச் சொல்லாதீர்கள். அவருக்கு டிசம்பர் 8 என்று ஒரு வாரம் முன்னதாகவே கொடுங்கள்.

அடுத்து புராஜெக்ட் ரிப்போர்ட், ரெவ்யூவில் காட்டிய ஸ்லைடுகள், ஆய்வக நோட்டு. நினைவிலிருந்து எழுதாமல் இவற்றைப் பார்த்து எழுதுங்கள். நீங்கள் எழுதும் எண்ணும் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணும் வேறுபட்டால், அவர் உங்கள் தாளில் உள்ள எதையும் நம்பி எடுத்து எழுத மாட்டார்.

கடைசியாக, பேராசிரியர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள். தனியார் கல்லூரிகளில் ஆசிரியர்கள் இடம் மாறுவது சாதாரணம். மாறியிருந்தாலும் அவர் எழுதலாம். இன்ன கல்லூரியில் இன்ன ஆண்டில் இந்த மாணவருக்குக் கைடாக இருந்தேன் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் பழைய கல்லூரி மின்னஞ்சலுக்கு நீங்கள் எழுதினால் அது அவரைச் சேராது.

## 2. யாரிடம் கேட்பது

கைடிடம். துறைத்தலைவரிடமோ முதல்வரிடமோ அல்ல. பதவி பெரிதாக இருந்தால் கடிதமும் கனமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வாரா வாரம் உங்கள் அளவீடுகளைப் பார்த்த உதவிப் பேராசிரியர் எழுதும் ஒரு பத்தியை, வைவா அன்று பத்து நிமிடம் மட்டும் உங்களைப் பார்த்த முதல்வரால் எழுத முடியாது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக மூன்று கடிதங்கள் கேட்கும். மூன்றும் ஒரே புராஜெக்டைப் பற்றிப் பேசினால் இரண்டு வீண். புராஜெக்ட் கைடு ஒன்று. மற்ற இரண்டும் உங்களுக்குப் பாடம் நடத்தி, லேப் எடுத்து, மதிப்பெண் போட்டவர்களிடமிருந்து வரட்டும். அவர்களிடம் புராஜெக்ட் கதையைச் சொல்லாமல் அவர்கள் பாடத்தில் நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள்.

## 3. எப்போது கேட்பது

முதல் கடைசித் தேதிக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்பு. டிசம்பர் 15 என்றால் அக்டோபர் மூன்றாம் வாரம். அதைவிடத் தள்ளினால் நவம்பர்-டிசம்பர் செமஸ்டர் தேர்வும் விடைத்தாள் திருத்தமும் வந்துவிடும். துறையில் நாக் அல்லது என்.பி.ஏ. குழு வரும் வாரத்தையும் தவிருங்கள். அந்த வாரத்தில் எந்த ஆசிரியரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

வரிசை முக்கியம்: முதலில் கேட்க வேண்டும், அவர் சரி என்ற பிறகே விண்ணப்பத் தளத்தில் அவர் பெயரைப் போட வேண்டும். புதிதாக விண்ணப்பிப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பெரும்பாலான தளங்களில் பேராசிரியரின் மின்னஞ்சலைப் போட்டுப் பொத்தானை அழுத்திய உடனேயே அவருக்குத் தானியங்கி அஞ்சல் போய்விடும். கேட்காமலே ஒரு வெளிநாட்டுத் தளத்திலிருந்து தன் பெயருக்கு அஞ்சல் வந்தால், சிலர் அதை மோசடி என்று அழித்துவிடுவார்கள். சிலருக்குக் கோபம் வரும். அதுவும் நியாயம்தானே.

இன்னும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் வைவா முடிந்த அந்த வாரமே நேரில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: “சார், அடுத்த வருஷம் மாஸ்டர்ஸுக்கு அப்ளை பண்ணப் போறேன், அப்போ உங்ககிட்ட கேட்பேன்.” அப்போதுதான் அவர் உங்கள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பார்.

## 4. குழுவின் வேலையிலிருந்து உங்கள் பங்கைப் பிரித்தெடுப்பது

நேரம் அதிகம் எடுக்க வேண்டிய படி இது. கடிதம் எழுத அரை மணி நேரம் போதும். இதற்கு ஒரு மாலைப் பொழுது வேண்டும்.

புராஜெக்ட் ரிப்போர்ட்டில் எல்லாமே “நாங்கள்” என்றுதான் இருக்கும். பரிந்துரைக் கடிதத்துக்கு அது உதவாது, ஏனென்றால் சேர்க்கைக் குழு நான்கு பேரையும் எடுக்கப்போவதில்லை. ஒரு வெள்ளைத்தாளில் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். புராஜெக்டில் நான் தனியாகச் செய்தது எது? வேலை எங்கே நின்றது? அங்கே நான் என்ன செய்தேன்? அதில் எதைப் பேராசிரியர் கண்ணால் பார்த்தார்?

கடைசிக் கேள்விதான் வடிகட்டி. இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து நீங்கள் வேலை செய்திருக்கலாம், ஆனால் அவர் பார்க்காததை அவர் சாட்சி சொல்ல முடியாது. ரெவ்யூவில் அவர் கேட்ட கேள்வி, நீங்கள் அவர் அறைக்குக் கொண்டுபோன வரைபடம், அவர் முன்னால் நடந்த சோதனை ஆகியவைதான் தாளில் நிற்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. சிவில் துறையில் நான்கு பேர் செய்த புராஜெக்ட். எம்30 கான்கிரீட்டில் ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் போட்டுப் பார்ப்பது. 0, 30, 60, 100 சதவீதம் என நான்கு கலவைகள். ஒவ்வொன்றுக்கும் 7 நாள் சோதனைக்கு மூன்று க்யூப், 28 நாள் சோதனைக்கு மூன்று க்யூப், ஆக மொத்தம் 24 க்யூப்கள். விண்ணப்பிக்கும் மாணவியின் பொறுப்பு கலவைக் கணக்கும், ஈரக் கான்கிரீட் எவ்வளவு இளக்கமாக இருக்கிறது என்று பார்க்கும் ஸ்லம்ப் சோதனையும்.

அவர் முதலில் எழுதிய வரி: “எம்-சாண்ட் பற்றிய புராஜெக்டில் முக்கியப் பங்கு வகித்தேன், மிக்ஸ் டிசைன் செய்தேன், நல்ல முடிவுகள் கிடைத்தன.” இதை வைத்துப் பேராசிரியரால் எதையும் எழுத முடியாது. மிக்ஸ் டிசைனை எல்லாக் குழுவும்தான் செய்கிறது.

நான்கு கேள்விகளையும் கேட்ட பிறகு வெளியே வந்தது இது. 100 சதவீத எம்-சாண்ட் கலவையில் எதிர்பார்த்த ஸ்லம்ப் 100 மி.மீ., கிடைத்ததோ 45 மி.மீ. குழுவில் மற்றவர்கள் தண்ணீரைக் கொஞ்சம் கூட ஊற்றிவிடலாம் என்றார்கள். காரணம் தெரியாமல் ஊற்றினால் நீர்-சிமெண்ட் விகிதம் மாறி, 28 நாள் வலிமையை மற்றக் கலவைகளோடு ஒப்பிட முடியாமல் போகும் என்று இவர் நிறுத்தினார். எம்-சாண்டின் நீர் உறிஞ்சலைச் சோதித்தபோது 3 சதவீதம் வந்தது. கணக்கில் ஆற்று மணலுக்கான 1 சதவீதத்தையே இரண்டுக்கும் போட்டிருந்தார்கள். ஒரு கன மீட்டருக்கு 700 கிலோ மணல் என்றால் 2 சதவீத வித்தியாசம் 14 லிட்டர். காய்ந்து கிடந்த எம்-சாண்ட் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டது. திருத்திய கணக்கில் மறுபடி கலந்தபோது ஸ்லம்ப் 90 மி.மீ. வந்தது. இரண்டாவது ரெவ்யூவில் பேராசிரியர் “ஏன் இந்தக் கலவையை மட்டும் இரண்டு தடவை போட்டீங்க?” என்று கேட்டார், இவர் பலகையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்.

இப்போது பேராசிரியரிடம் ஒரு சம்பவம் இருக்கிறது. அதிலிருந்து அவர் மூன்று விஷயங்களைத் தானாகவே எழுத முடியும்: பிரச்சினையை மூடி மறைக்காமல் காரணத்தைத் தேடியது, சோதனையின் ஒப்பீட்டைக் காப்பாற்றியது, கேட்டபோது விளக்க முடிந்தது. பல விண்ணப்பத் தளங்கள் பேராசிரியரிடம் கடிதத்தோடு ஒரு மதிப்பீட்டு அட்டவணையையும் நிரப்பச் சொல்லும். பகுத்தாயும் திறன், தனித்து வேலை செய்யும் திறன், பேச்சு, எழுத்து என்று ஒவ்வொன்றிலும் இந்த மாணவர் முதல் 5 சதவீதமா, 10 சதவீதமா என்று கேட்கும். சம்பவம் நினைவிருந்தால் அவர் அதை யோசித்து நிரப்புவார். இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் நடுக்கட்டத்தைத் தட்டிவிட்டுப் போவார்.

எதையும் ஊதிப் பெரிதாக்காதீர்கள். புராஜெக்டின் முடிவு சுமாராக வந்திருந்தால் சுமார் என்றே இருக்கட்டும். 60 சதவீதக் கலவையின் வலிமை எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது, காரணம் இன்னதாக இருக்கலாம் என்று நீங்கள் எழுதினால் அதுவும் அவருக்குச் சரக்குதான்.

இன்னொன்று. உங்கள் குழுவிலிருந்து இரண்டு பேர் அதே கைடிடம் கேட்கப்போகிறீர்கள் என்றால், முன்கூட்டியே பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். இருவர் தாளிலும் அதே ஸ்லம்ப் கதை இருந்தால், யாருடையது என்று அவர் குழம்புவார். இருவருக்கும் பொதுவாக ஒன்றை எழுதிவிடுவார்.

## 5. கடிதம்: பத்தி பத்தியாக

மின்னஞ்சலாகத்தான் அனுப்புவீர்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில். அமைப்பு பிடிபடுவதற்காக இங்கே தமிழில் இருக்கிறது. வரியை வரியாக மொழிபெயர்க்காமல், வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசித் திரையில் ஒன்றரைத் திரைக்கு மேல் போகக் கூடாது.

பொருள் வரியிலேயே நீங்கள் யார், என்ன வேண்டும், எப்போதைக்கு என்று தெரிந்துவிட வேண்டும். “வணக்கம் சார்” என்று பொருள் வரி போட்டால், இருநூறு அஞ்சல்களுக்கு நடுவே அவர் பிறகு தேடும்போது அது கிடைக்காது.

முதல் பத்தியில் அடையாளம்: பேட்ச், புராஜெக்ட் தலைப்பு, குழுவில் யாராவது ஒருவரின் பெயர். “நலம், நலமறிய ஆவல்” வேண்டாம். இரண்டாவது பத்தியில் கோரிக்கை. மூன்றாவதில் அந்த ஒரே சம்பவம், நான்கு வரிக்குள். நான்காவதில் வேலையின் அளவு: எத்தனை பல்கலைக்கழகம், எந்த வழி, எந்தத் தேதி. கடைசியில், மறுப்பதற்கு அவருக்கு ஒரு கௌரவமான வழி.

அந்தக் கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், மறுத்துவிடுவாரோ என்ற பயத்தில். அரைமனதோடு ஒப்புக்கொள்பவரின் கடிதம் மூன்று வரியில் வரும். சேர்க்கைக் குழுவில் இருப்பவர்களுக்கு அந்த மூன்று வரியைப் படிக்கத் தெரியும். அவர் முன்பே விலகிக்கொண்டால் நீங்கள் வேறு ஒருவரைப் பார்த்துக்கொள்ளலாம்.

முழுக் கடிதம்:

> பொருள்: முதுநிலை விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கோருதல் – எம்-சாண்ட் புராஜெக்ட், சிவில் 2021–25 – டிசம்பர் 8க்குள்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். சிவில் துறையில் 2021–25 பேட்ச் மாணவி நான். தங்கள் வழிகாட்டலில் “எம்30 கான்கிரீட்டில் ஆற்று மணலுக்கு மாற்றாக எம்-சாண்ட்” என்ற இறுதியாண்டு புராஜெக்டை நான்கு பேர் செய்தோம். அதில் கலவைக் கணக்கும் ஸ்லம்ப் சோதனையும் என் பொறுப்பு.
>
> 2026 செப்டம்பரில் தொடங்கும் கட்டுமானப் பொருள்கள் துறை முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். அந்த புராஜெக்டில் என் வேலையைப் பற்றித் தாங்கள் ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதித் தர இயலுமா என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.
>
> தங்கள் நினைவுக்காக: 100 சதவீத எம்-சாண்ட் கலவையில் ஸ்லம்ப் 45 மி.மீ. மட்டுமே வந்தபோது, நீர் உறிஞ்சலைத் தனியாகச் சோதித்து, கணக்கில் கன மீட்டருக்கு 14 லிட்டர் குறைவதைக் கண்டேன். திருத்திய பிறகு 90 மி.மீ. வந்தது. இரண்டாவது ரெவ்யூவில் தாங்கள் இதைப் பற்றிக் கேட்டீர்கள். பலகையில் கணக்கைப் போட்டுக் காட்டினேன்.
>
> மொத்தம் ஐந்து பல்கலைக்கழகங்கள். நான்கு பல்கலைக்கழகங்களின் தளத்திலிருந்து தங்கள் கல்லூரி மின்னஞ்சலுக்கு இணைப்பு வரும். ஒன்றுக்கு மட்டும் லெட்டர்ஹெட்டில் கையெழுத்திட்ட பிரதி தேவை. எல்லாவற்றையும் டிசம்பர் 8க்குள் முடிக்க இயன்றால் உதவியாக இருக்கும். தாங்கள் சம்மதித்தால் விவரத்தாள், மதிப்பெண் பட்டியல், தேதிப் பட்டியல் மூன்றையும் இரண்டு நாளில் அனுப்புகிறேன்.
>
> இந்த செமஸ்டரில் தங்களுக்கு நேரம் இல்லையென்றாலோ, என் வேலையைப் பற்றி விரிவாக எழுதும் அளவுக்கு நினைவில் இல்லையென்றாலோ தயங்காமல் சொல்லுங்கள் ஐயா, நான் புரிந்துகொள்வேன். தாங்கள் சொல்லும் நாளில் நேரில் வந்து பார்க்கவும் தயாராக இருக்கிறேன்.
>
> நன்றியுடன்,
> (கல்லூரிப் பதிவேட்டில் உள்ள பெயர், பதிவு எண், கைபேசி எண்)

இதில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். “வலுவான கடிதம் தாருங்கள்” என்ற வரி இல்லை. சிஜிபிஏ இல்லை, அது மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது. “உங்கள் வகுப்புகள்தான் என் வாழ்க்கையை மாற்றின” என்ற மாதிரிப் புகழ்ச்சியும் இல்லை. ஒரு புராஜெக்டில் மட்டும் பழகிய ஆசிரியரிடம் அது பொய்யாகத்தான் ஒலிக்கும்.

## 6. சம்மதம் வந்த பிறகு அனுப்புவது

முதல் அஞ்சலோடு எதையும் இணைக்காதீர்கள். அவர் இன்னும் சரி சொல்லவே இல்லை; அதற்குள் ஆறு கோப்புகளை அனுப்பினால் முடிவை நீங்களே எடுத்துவிட்டதுபோல் ஆகும்.

சம்மதித்த பின் ஒரே அஞ்சலில் எல்லாவற்றையும் அனுப்புங்கள். முக்கியமானது நான்காம் படியில் தயாரித்த விவரத்தாள். ஒரு பக்கம் போதும், அதில் இரண்டு அல்லது மூன்று சம்பவங்கள். எதற்காக இந்த முதுநிலைப் படிப்பு என்று இரண்டு வரி சேர்த்தால், அவர் புராஜெக்டை உங்கள் விருப்பத்தோடு இணைத்து எழுத முடியும். கூடவே மதிப்பெண் பட்டியல், ரெஸ்யூமே, புராஜெக்ட் ரிப்போர்ட்டின் சுருக்கப் பக்கம். நோக்க அறிக்கை முடிந்திருந்தால் அதையும் அனுப்புங்கள், முடியவில்லை என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

தேதிப் பட்டியலைத் தனியாக, முன்னால் வரும் தேதி மேலே இருக்கும்படி வரிசைப்படுத்துங்கள். கோப்புகளுக்கு உங்கள் பெயரை வையுங்கள். `resume_final2.pdf` என்ற பெயரில் அவர் கணினியில் ஏற்கெனவே பத்துப் பேருடைய கோப்பு கிடக்கும்.

## 7. “நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்”

நம் கல்லூரிகளில் இந்தப் பதில் அடிக்கடி வரும். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நேரம் இல்லை, அவ்வளவுதான். ஆனாலும் அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். மாணவர் எழுதும் கடிதம் அநேகமாகப் புகழுரையாகவே வரும், ஏனென்றால் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டுச் சொல்ல மாணவரால் முடியாது. “பத்து ஆண்டுகளில் நான் பார்த்த குழுக்களில், காரணம் தெரியும்வரை கலவையை நிறுத்திவைத்த மாணவர்கள் குறைவு” என்ற வாக்கியத்தை ஆசிரியர் மட்டுமே எழுத முடியும். தவிர, மூன்று கடிதங்களையும் நீங்களே எழுதினால் மூன்றிலும் ஒரே நடை, ஒரே பிடித்தமான சொற்கள் வந்து நிற்கும். படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். பரிந்துரைப்பவரே எழுத வேண்டும் என்பதுதான் பல்கலைக்கழகங்களின் எதிர்பார்ப்பு.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “சார், கடிதமா எழுதினா என் நடை தெரிஞ்சிடும். பாயிண்ட்ஸா ஒரு பக்கத்துல எழுதித் தர்றேன், நீங்க அதைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் உட்கார்ந்து டைப் பண்றேன்.” இருபது நிமிடம் அவர் எதிரில் உட்கார்ந்தால் போதும். அவர் வாயிலிருந்து வரும் வாக்கியங்களில் ஒப்பீடு தானாக வந்துவிடும். டைப் செய்த கோப்பை அவரிடமே கொடுங்கள். அவர் திருத்தி, அவரே பதிவேற்றட்டும்.

எக்காரணம் கொண்டும் பேராசிரியர் பெயரில் ஒரு ஜிமெயில் கணக்கைத் திறந்து நீங்களே பதிவேற்றாதீர்கள். அவர் அனுமதி கொடுத்தாலும் அது மோசடிதான்; தெரியவந்தால், கிடைத்த சேர்க்கையே ரத்தாகும்.

## 8. தளத்தில் பதியும்போது

கல்லூரி மின்னஞ்சலையே கொடுங்கள். பொது மின்னஞ்சலைக் கொடுத்தால் சில பல்கலைக்கழகங்கள் அது உண்மையில் அவர்தானா என்று சரிபார்க்கத் தொடங்கும், நாள் போகும். அவரிடம் கல்லூரி முகவரி இருந்தும் அதைத் திறப்பதே இல்லை என்றால், இணைப்பு அனுப்பும் அன்று ஃபோனில் சொல்லிவிடுங்கள். பதவியை ஒரு எழுத்துப் பிசகாமல் போடுங்கள். இணைப் பேராசிரியரை உதவிப் பேராசிரியர் என்று போட்டால் முதலில் அவர் கண்ணில் படுவது அதுதான்.

அமெரிக்கத் தளங்களில், கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். 1974ஆம் ஆண்டின் கல்வித் தனியுரிமைச் சட்டப்படி, அங்கே சேர்ந்த மாணவர் தன் கோப்பில் உள்ள கடிதத்தைப் பார்க்கக் கேட்கலாம். அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதே வழக்கம். மாணவர் பின்னால் படிப்பார் என்று தெரிந்து எழுதிய கடிதத்துக்கு மதிப்புக் குறையும், சில ஆசிரியர்கள் எழுதவே தயங்குவார்கள். இந்தத் தேர்வை இணைப்பு போன பிறகு மாற்ற முடியாமல் போகலாம், அதனால் அவசரத்தில் தட்டிவிடாதீர்கள்.

பெயர்க் குழப்பம் தமிழ் மாணவர்களுக்கே உரிய தொல்லை. கல்லூரிப் பதிவேட்டில் இனிஷியலோடு உங்கள் பெயர் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும். விண்ணப்பம் பாஸ்போர்ட் பெயரில் போகும். இணைப்பும் அந்தப் பெயரிலேயே பேராசிரியருக்குப் போகும். சில அஞ்சல்களில் அப்பா பெயர் மட்டும் முன்னால் நிற்க, “இது யார்?” என்று அவர் விட்டுவிடுவார். விண்ணப்பத்தில் உள்ள முழுப்பெயரை முன்பே சொல்லி, கடிதத்திலும் ஒருமுறை அதைக் குறிப்பிடும்படி கேளுங்கள்.

ஐந்து தளங்களிலும் ஒரே நாளில் பதியுங்கள். ஒரே கடிதத்தை ஐந்து இடங்களில் ஏற்றிவிட்டு அவர் எழுந்துவிடலாம். வாரத்துக்கு ஒன்றாக அனுப்பினால் ஐந்து முறை அவரை உட்கார வைக்கிறீர்கள். அவற்றில் ஒன்று நிச்சயம் தவறும். பதிந்த அன்று மாலையே ஒரு சிறு அஞ்சல் அனுப்புங்கள்: “இன்று ஐந்து இணைப்புகள் வந்திருக்க வேண்டும் ஐயா, இன்பாக்ஸில் இல்லையென்றால் ஸ்பேமில் பாருங்கள்.”

## 9. நினைவூட்டலும் பிறகும்

முதல் அஞ்சலுக்குப் பத்து நாள் பதில் இல்லையென்றால், அது மறுப்பு என்று முடிவு கட்ட வேண்டாம். அதே அஞ்சலின் மேல் இரண்டு வரி எழுதி மறுபடி அனுப்புங்கள். உள்ளூரில் இருந்தால் மதிய இடைவேளைக்குப் பிறகு அறைக்குப் போய்ப் பாருங்கள். இரண்டாம் முறையும் பதில் இல்லை, அல்லது “பார்க்கலாம்” என்று இழுக்கிறார் என்றால் அடுத்தவரைத் தேடுங்கள். எட்டு வாரம் முன்பே தொடங்கச் சொன்னது இதற்காகவும்தான்.

சம்மதித்தவருக்கு, நீங்கள் கொடுத்த தேதிக்கு இரண்டு வாரம் முன்பு ஒன்று, மூன்று நாள் முன்பு ஒன்று என இரண்டு நினைவூட்டல் போதும். அனுப்பும் முன் தளத்தில் நிலையைப் பாருங்கள். மூன்று இடங்களில் ஏற்றிவிட்டவருக்கு “கடிதம் அனுப்பிவிட்டீர்களா?” என்று எழுதுவதைவிட, “மூன்று வந்துவிட்டன ஐயா, மிக்க நன்றி, இன்னும் இந்த இரண்டு மட்டும்” என்று அந்த இரண்டின் பெயரையும் எழுதுவது நல்லது. வாட்ஸ்அப்பில் கேட்பது, அவர் முன்பே வாட்ஸ்அப்பில் உங்களோடு பேசிப் பழகியிருந்தால் மட்டும்.

எல்லாம் ஏறியதும் அன்றைக்கே நன்றி எழுதுங்கள். மார்ச் வாக்கில் முடிவுகள் வரத் தொடங்கும்போது, இடம் கிடைத்ததோ இல்லையோ, விவரத்தைச் சொல்லுங்கள்.

ஜனவரியில் இன்னும் இரண்டு பல்கலைக்கழகம் சேர்க்கத் தோன்றும். அப்போதும் பெயரைப் போடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். ஐந்து என்று சொல்லித்தான் சம்மதம் வாங்கியிருக்கிறீர்கள்.